பேச்சுத் தாமதமுள்ள குழந்தையின் பேச்சு-மொழி மதிப்பீட்டு அறிக்கை: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

பேச்சு-மொழிப் பயிற்சியாளராக நான் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை அம்மா அப்பா ஒரு விதமாகவும், வகுப்பாசிரியர் வேறு விதமாகவும் படித்துவிட்டு, ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடு திரும்பி வருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விளக்கத்துக்கு ஒரே குழந்தையின் அறிக்கையை எடுத்துக்கொள்கிறேன். முகில் என்பது மாற்றுப் பெயர். மதிப்பீடு செய்தபோது அவனுக்கு வயது 3 ஆண்டு 10 மாதம். ஆங்கில வழிப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்திருந்தான், வீட்டில் தமிழ்.

ரிப்போர்ட் நாலு பக்கம் இருக்கு. முதல்ல எதைப் படிக்கிறது?

பெரும்பாலானோர் முதலில் மொழி வயது என்ற எண்ணைத் தேடுகிறார்கள். பிறகு, சிக்கல் இன்னதென்று சொல்லும் கணிப்பு என்ற வரியைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் கேட்கும் திறன் குறித்த வரியைப் பாருங்கள். அடுத்து, குழந்தை உண்மையில் என்ன பேசினான் என்று எழுதப்பட்டிருக்கும் பேச்சு மாதிரிப் பகுதியைப் படியுங்கள். அதன்பின் கடைசிப் பக்கத்தில் உள்ள இலக்குகளைப் படியுங்கள். எண்ணும் கணிப்பும் இந்த மூன்றையும் வைத்துத்தான் பொருள்படும்.

ஆசிரியர்களுக்கு நேரம் குறைவென்றால் பேச்சு மாதிரியும் இலக்குகளும் போதும். அந்த இரண்டு பகுதிகளும் இல்லாமல், எண்ணும் கணிப்பும் மட்டும் கொண்ட ஓர் அறிக்கை உங்கள் கையில் இருந்தால், எழுதியவரிடம் அவற்றைக் கேட்டு வாங்குங்கள். எழுதியவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவர் என்பதற்கு அடையாளமாக அவருடைய கையொப்பத்தின் கீழ் பதிவு எண் இருக்க வேண்டும்.

எக்ஸ்பிரசிவ் லாங்வேஜ் ஏஜ் 18–20 மாசம்னு போட்டிருக்கு. என் பையனுக்கு மூளை வளர்ச்சியே ஒன்றரை வயசுதானா?

இல்லை. அந்த எண் அறிவுத்திறனைச் சொல்லவில்லை. பெரும்பாலான குழந்தைகள் எந்த மாதங்களில் பேசும் விதத்தில் இவன் இப்போது பேசுகிறான் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அறிவுத்திறனை அறிய உளவியலாளர் செய்யும் சோதனைகள் தனியாக உள்ளன.

முகிலின் அறிக்கையில் இரண்டு எண்கள் இருந்தன. புரிந்துகொள்ளும் மொழி வயது 30–33 மாதம். வெளிப்படுத்தும் மொழி வயது 18–20 மாதம். இரண்டும் அவனுடைய 46 மாத வயதைவிடக் குறைவு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஓராண்டு இடைவெளி இருப்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ‘செருப்பை எடுத்துட்டு வந்து கதவு பக்கத்துல வை’ என்றால் செய்துவிடுகிறான். செருப்பு வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுக்கிறான். இரண்டு எண்களும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்தால் பயிற்சியைப் புரிதலிலிருந்து தொடங்குவோம். முகிலுக்குப் பேச்சை வெளிக்கொண்டு வருவதிலிருந்து தொடங்கினோம்.

அப்போ அந்த எண் 36 மாசம் வந்துட்டா சரியாயிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

இந்த இடத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். இந்தியாவில் பல இடங்களில் பயன்படுத்தப்படும் ரீல்ஸ் என்ற அளவுகோல் பிறப்பு முதல் 36 மாதம் வரைக்கும்தான் செல்லும். முதல் ஆண்டை மாதவாரியாகவும், இரண்டாம் ஆண்டை இரண்டிரண்டு மாதமாகவும், மூன்றாம் ஆண்டை மும்மூன்று மாதமாகவும் அது பிரித்திருக்கிறது. நாலரை வயதுக் குழந்தைக்கு 33–36 என்று வந்தால், அளவுகோலின் கூரையை அவன் தலை தொட்டுவிட்டது என்று பொருள்; அதற்கு மேல் என்ன தெரியும், என்ன தெரியாது என்று இந்தக் கருவியால் சொல்ல முடியாது. அப்போது வயதுக்கேற்ற வேறு கருவிக்கு மாற வேண்டும்.

அந்த அளவுகோல் பெரும்பாலும் பெற்றோரிடம் கேட்டு நிரப்பப்படுவது என்பதையும் நினைவில் வையுங்கள். ‘இதைச் செய்வானா?’ என்ற கேள்விக்குத் தாய் ‘செய்வான்’ என்றும், உடன் வந்த பாட்டி ‘எங்கே செய்கிறான்?’ என்றும் சொல்லி, அறையிலேயே வாக்குவாதம் நடந்த நாட்கள் உண்டு. அதனால்தான் எண்ணோடு நிறுத்தாமல் நேரில் கேட்ட பேச்சையும் எழுதுகிறோம்.

கூப்பிட்டா திரும்புறான், டிவி சத்தம் கேட்டா ஓடி வர்றான். காது டெஸ்ட் எதுக்கு?

கூப்பிட்டால் திரும்புவதற்கு மிகக் கொஞ்சம் கேட்டாலே போதும். ‘பல்’, ‘பால்’ என்ற சொற்களின் வேறுபாட்டை வகுப்பறை இரைச்சலில் பிரித்தறிய அதைவிட நன்றாகக் கேட்க வேண்டும். பிறந்தபோது செய்த சோதனையில் தேறியிருந்தாலும் அது அன்றைய நிலையைத்தான் காட்டும். பின்னால் வரும் குறைவை அது மறுக்காது.

முகிலின் தாய் இதே கேள்வியைத்தான் கேட்டார். அடிக்கடி சளி பிடிக்கும் என்று அவர் போகிற போக்கில் சொன்னதால் நடுச்செவிச் சோதனைக்கு அனுப்பினேன். இரண்டு காதுகளிலும் வரைபடம் மேடில்லாமல் தட்டையாக வந்தது. அதை அறிக்கைகளில் ‘பி வகை’ என்று எழுதுவார்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கும்போது பெரும்பாலும் இப்படி வரும். அந்தச் சோதனை நடுச்செவியின் நிலையைச் சொல்லுமே தவிர, எவ்வளவு கேட்கிறது என்று சொல்லாது. ஆகவே சத்தம் கேட்டதும் ஒரு கட்டையைக் கூடையில் போடும் விளையாட்டு முறைச் சோதனையும் செய்யப்பட்டது. இலேசான கேட்புக் குறைவு தெரிந்தது. ஒத்துழைக்காத சிறு குழந்தைகளுக்குத் தூக்கத்தில், ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா சோதனை செய்வார்கள். முகிலைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து, நீர் தானாக வடிகிறதா என்று மூன்று மாதம் கண்காணித்தார், வடிந்தது. அந்த மூன்று மாதமும் பயிற்சியை நிறுத்தவில்லை. வகுப்பில் அவனை முன்வரிசையில், ஆசிரியரின் முகம் தெரியும்படி உட்கார வைக்கச் சொல்லியிருந்தோம்.

வீட்ல நூறு வார்த்தைக்கு மேல சொல்றான். நீங்க 34னு எழுதியிருக்கீங்க?

எதைச் சொல் என்று எண்ணுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவனாகவே, ஒரே பொருளுக்கு மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதை மட்டும் எண்ணுகிறோம். ‘யானை சொல்லு’ என்றதும் ‘யானை’ என்று திருப்பிச் சொல்வது கணக்கில் வராது. அதே சமயம், உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முகில் காக்காவைப் பார்த்து எப்போதும் ‘தாத்தா’ என்பான். அது காக்காவுக்கான சொல்லாகக் கணக்கில் வந்தது. உண்மையான தாத்தாவுக்கும் அதே ஒலிதான். அதைத் தனிச் சொல்லாக எண்ணினோம். சாலையில் போன முதியவரையெல்லாம் தாத்தா என்கிறான் என்று வீட்டார் மகிழ்ந்திருந்தார்கள். பாதி நேரம் அவன் காட்டியது மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காவை.

இரண்டு மொழிகளிலும் உள்ள சொற்களைச் சேர்த்தே எண்ண வேண்டும். ‘தண்ணி’யும் ‘வாட்டர்’உம் இரண்டு சொற்கள். பள்ளியில் மட்டும் கேட்கும் சொற்களை ஆசிரியர் ஒரு வாரம் குறித்துக் கொடுத்தால் பட்டியல் முழுமையாகும். முகிலுக்கு அப்படிச் செய்ததில் நான்கு சொற்கள் கூடின; அவையும் அந்த 34இல் அடக்கம்.

ரைம்ஸ் முழுசா சொல்றான், ஒன்னுலேர்ந்து அம்பது வரைக்கும் எண்றான். இவனுக்குப் பேச்சுத் தாமதம்னு எப்படி சொல்றீங்க? (ஓர் ஆசிரியர்)

பாட்டும் எண்களும் வரிசையாக மனத்தில் பதிந்தவை. அவற்றைச் சொல்வதற்கு, ‘எனக்கு இப்போது என்ன வேண்டும், அதை யாரிடம், எந்தச் சொற்களால் கேட்பது’ என்று கோத்துக்கொள்ளத் தேவையில்லை. பாட்டை நடுவில் நிறுத்தி, ‘அந்தப் பாப்பா எங்கே போச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராமல் அடுத்த வரி வந்தால், அறிக்கை எதைச் சொல்கிறது என்பது விளங்கும்.

ஒப்பித்தல் மிகுதியாகவும் சொந்தப் பேச்சு மிகக் குறைவாகவும் இருப்பதே அறிக்கையில் எழுத வேண்டிய செய்திதான். கேட்ட கேள்வியையே பதிலாகத் திருப்பிச் சொல்வதும் சேர்ந்திருந்தால் எங்களிடம் தெரிவியுங்கள். முகிலிடம் அது இல்லை.

நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டிவிட்டா பேசிடுவான்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. க வரல, ழவும் வரலையே?

இந்தக் கேள்விக்கு அறிக்கையில் ‘வாய் உறுப்புகள்’ என்ற பகுதி பதில் சொல்லும். நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாக இருந்தால், நுனி நாக்கை மேலே தூக்க வேண்டிய சில ஒலிகள் பாதிக்கப்படலாம். சொற்களின் எண்ணிக்கை குறைவதற்கும் வாக்கியம் அமையாததற்கும் அது காரணமாகாது. ‘க’ பின்நாக்கால் பிறக்கும் ஒலி. நுனியில் உள்ள கட்டு அதைத் தடுக்காது. முகிலின் நாக்கு மேலுதட்டையும் எட்டியது.

அவனுக்குக் ‘க’ என்ற இடத்தில் ‘த’ வருவது, பின்நாக்கில் பிறக்க வேண்டியதை முன்னால் கொண்டுவந்துவிடும் பழக்கம். சிறு குழந்தைகள் பலரிடம் இருந்து மறையக்கூடியது. எப்படிச் செய்வதென்று காட்டியபோது தனி ஒலியாகக் ‘க’ சொன்னான். அறிக்கையில் ‘தூண்டினால் வருகிறது’ என்று எழுதியிருப்பது அதைத்தான். இருந்தாலும் முதல் இலக்காக அதை வைக்கவில்லை. 34 சொற்கள் வைத்திருப்பவனுக்கு அவற்றைத் திருத்துவதைவிடக் கூட்டுவதுதான் அவசரம். இது என் முடிவு, வேறு பயிற்சியாளர் இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம். ‘ழ’வைப் பற்றி இந்த வயதில் கவலை வேண்டாம். அது தாமதமாக வரும் ஒலி. வீட்டில் பெரியவர்களே ‘வாளப்பளம்’ என்று பேசினால் குழந்தையும் அப்படியே பேசுவதைப் பிழை என்று எழுதக் கூடாது.

‘தற்காலிகக் கணிப்பு’ன்னு ஏன் போட்டிருக்கீங்க? ஆட்டிசம்னு நேரடியா சொல்லத் தயங்குறீங்களா?

தயக்கம் இல்லை. கேட்பு முடிவு வராமல் காரணத்தை உறுதியாக எழுதுவது தவறு என்பதால்தான் அந்தச் சொல். முகிலின் முதல் அறிக்கையில் ‘மொழித் தாமதம், வெளிப்பாட்டில் கூடுதலாக, கேட்புச் சோதனைக்குப் பின் உறுதி செய்யப்படும்’ என்று இருந்தது.

ஆட்டிசம் பற்றிய முடிவைப் பயிற்சியாளர் ஒருவர் தனியாக எடுப்பதில்லை. குழந்தைகள் நல மருத்துவரும் உளவியலாளரும் சேர்ந்தே எடுக்கிறார்கள். ஆனால் நாங்கள் பார்த்ததை எழுதுகிறோம். பெயர் சொன்னால் முகத்தைப் பார்க்கிறானா, சுவாரசியமானதைக் கண்டால் விரல் நீட்டி மற்றவருக்குக் காட்டுகிறானா, பாவனை விளையாட்டு உண்டா என்பவை ‘சமூகத் தொடர்பு’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும். முகில் பொம்மைக் காரின் சக்கரம் கழன்றதும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய் அம்மாவிடம் காட்டி, அவர் முகத்தைப் பார்த்தான். ஒரு சொல்லும் பேசவில்லை. என்றாலும் அந்தக் காட்சியை வரி விடாமல் எழுதி வைத்தேன்.

வீட்ல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ். குழப்பம் ஆகுதுன்னு வீட்லயும் இங்கிலீஷே பேசச் சொல்றாங்க. செய்யலாமா?

வேண்டாம். இரண்டு மொழிகளைக் கேட்பது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. பெற்றோர் தங்களுக்குச் சரளமான மொழியை விட்டுவிட்டு, ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’ என்று கட்டளைகளோடு முடியும் ஆங்கிலத்துக்கு மாறும்போது, குழந்தை நாள்தோறும் கேட்கும் வாக்கியங்களின் எண்ணிக்கைதான் குறைகிறது. கொஞ்சலும் கதையும் சண்டையும் வீட்டு மொழியிலேயே நடக்கட்டும். மொழித் தாமதம் உண்மையாக இருந்தால் அது இரு மொழிகளிலும் தெரியும். பள்ளியில் மட்டும் தெரிந்தால், புது மொழிக்குப் பழகும் காலமாக இருக்கலாம். முகிலுக்கு இரண்டிலும் தெரிந்தது.

‘10 வாய்ப்பில் 8’ அப்படின்னு ஒரு இலக்கு எழுதியிருக்கு. 35 குழந்தைகளை வெச்சுக்கிட்டு நான் எப்படிச் செய்றது? (ஓர் ஆசிரியர்)

முகிலின் முதல் இலக்கு இப்படி எழுதப்பட்டிருந்தது: ‘சிற்றுண்டி வேளையில், தனக்கு வேண்டியதை இரு சொற்களால் கேட்பான், ஒரு முறை சொல்லிக் காட்டிய பின், 10 வாய்ப்புகளில் 8இல், தொடர்ந்து மூன்று அமர்வுகளில்.’ பத்து என்பது பயிற்சி அறையின் கணக்கு. வகுப்பில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வாய்ப்புகள் கிடைத்தால் போதும். டிபன் பாக்ஸ் மூடி அவற்றில் ஒன்றைத் தானாகவே தந்துவிடுகிறது.

முகில் டப்பாவை நீட்டுகிறான். உடனே திறந்துவிடாமல், அவன் முகத்தைப் பார்த்தபடி மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஒன்றும் வராவிட்டால் ‘மூடி திற’ என்று நீங்கள் ஒரு முறை சொல்லிக் காட்டுங்கள். அவன் ‘தி’ என்றாலும், ‘திற’ என்றாலும், ‘ஆமா, மூடி திற’ என்று முழுமையாக்கிச் சொல்லித் திறந்து கொடுங்கள். எதுவுமே சொல்லாவிட்டாலும் திறந்து கொடுத்துவிடுங்கள். ‘சொன்னால்தான் தருவேன்’ என்று பிடித்து வைப்பதும், ‘என்ன வேணும், சொல்லு, சொல்லு’ என்று எல்லோர் முன்னும் கேட்டுக்கொண்டே இருப்பதும்தான் நான் பார்த்த வரையில் இலக்கைக் கெடுப்பவை. ஓரிரு வாரத்தில் குழந்தை டப்பாவை நீட்டுவதையே நிறுத்திவிடுவான்.

குறித்துக்கொள்ள ஒரு துண்டுத்தாள் போதும். தானாகச் சொன்னால் ‘தா’, காத்திருந்ததும் சொன்னால் ‘கா’, சொல்லிக் காட்டிய பின் சொன்னால் ‘மா’, சொல்லவில்லையென்றால் ஒரு கோடு. வீட்டிலும் இதே குறிகளைத்தான் பயன்படுத்தச் சொல்கிறேன். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

பள்ளிக்கு முழு ரிப்போர்ட்டையும் கொடுக்கணுமா? கர்ப்ப காலம், குடும்ப விவரம் எல்லாம் அதுல இருக்கே.

கொடுக்கத் தேவையில்லை. பள்ளிக்கு வேண்டியவை கேட்பு நிலை, எவ்வளவு புரிந்துகொள்கிறான், எப்படிப் பேசுகிறான், இலக்குகள், வகுப்பில் செய்ய வேண்டியவை ஆகியவை மட்டுமே. இவற்றை ஒரு பக்கச் சுருக்கமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவ விவரம், குடும்ப வரலாறு, பெற்றோர் பற்றிய குறிப்புகள் உங்களுக்கும் மருத்துவக் குழுவுக்கும் உரியவை. பயிற்சியாளர் பள்ளியோடு நேரடியாகப் பேச வேண்டுமானால் அதற்கும் உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும்.

இதையே மாற்றுத்திறன் சான்றிதழா காட்டலாமா?

முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் இடம்பெற்றுள்ளது என்றாலும், சான்றிதழை வழங்குவது அரசு அறிவித்த மருத்துவ அதிகாரிகள்தான். இந்த அறிக்கை அவர்கள் பார்க்கும் ஆவணங்களில் ஒன்றாக இருக்கலாம். மொழித் தாமதமுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் சான்றிதழ் தேவைப்படுவதும் இல்லை.

ஆறு மாசம் தெரபி போனோம். முன்னாடி 26 மாச பின்தங்கல், இப்போ 28. இன்னும் மோசமாயிட்டானா?

முகிலின் தந்தை இரண்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு வந்து கேட்டது இது. அவருடைய கழித்தல் சரிதான். முதலில் வயது 46 மாதம், வெளிப்பாடு அதிகபட்சம் 20, வித்தியாசம் 26. ஆறு மாதம் கழித்து வயது 52, வெளிப்பாடு 22–24, வித்தியாசம் 28. ஆனால் இந்த ஆறு மாதத்தில் அவன் நான்கு மாத வளர்ச்சியைப் பெற்றிருக்கிறான். அதற்கு முன், 46 மாதத்தில் மொத்தமாகப் பெற்றது 20தான். வேகம் கூடியிருக்கிறது, சம வயதினரை எட்ட இந்த வேகமும் போதாது. இரண்டுமே உண்மை, இரண்டையும் அறிக்கையில் எழுதினேன்.

பேச்சு மாதிரியை ஒப்பிட்டால் மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும். 34 சொற்கள் 90ஐத் தாண்டியிருந்தன. ‘மூடி திற’, ‘அப்பா பைக்கு’, ‘தாத்தா பறந்து’ போன்ற இரு சொல் தொடர்கள் வந்திருந்தன. ஆசிரியரின் துண்டுத்தாள்களில் முதல் மாதம் முழுக்க ‘மா’வும் கோடும்தான், ஆறாம் மாதத்தில் பாதிக்கு மேல் ‘தா’. எண் நகரும் முன்பே இந்தக் குறிகள் நகரத் தொடங்கியிருந்தன. புரிதல் 33–36க்கு வந்துவிட்டதால், மேலே சொன்ன கூரைச் சிக்கலைக் கருதி, அடுத்த மதிப்பீட்டை வேறு கருவியில் செய்வதென்று குறித்தேன். காக்கா இன்னும் தாத்தாவாகவே பறந்துகொண்டிருந்ததால், ‘க’ ஒலியை இந்த முறை இலக்குகளில் சேர்த்தேன்.

மூன்று மாதமாக இந்தக் குறிகளிலும் அசைவே இல்லையென்றால், அடுத்த அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இலக்கோ முறையோ தவறாக இருக்கலாம், சளிக்காலம் என்றால் காதில் மறுபடி நீர் சேர்ந்திருக்கலாம். முன்பு பேசிய சொற்களையே குழந்தை இழக்கத் தொடங்கினால் மூன்று மாதம்கூடப் பொறுக்காமல் அந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.